ஓராண்டு மழைக்கு ஒரே லூப்: இரண்டு சுட்டிகளும் ஒரு கழித்தல் குறியும்

மொட்டை மாடியில் இருக்கும் மழைமானியின் ஓராண்டுப் பதிவிலிருந்து ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எடுக்க வேண்டியிருந்தது. ஐம்பது மில்லிமீட்டர் மழை, மிகக் குறைந்தபட்சம் எத்தனை நிமிடங்களில் கொட்டித் தீர்த்தது? கேட்டவர் மழைநீர் வடிகால் வேலை பார்க்கும் நண்பர். "மொத்த மழை எனக்கு வேண்டாம். அது எவ்வளவு அவசரமாகப் பெய்தது என்பதைச் சொல்லுங்கள்" என்றார். ஐம்பதுக்கு மட்டும் போதாது. இருபத்தைந்து, நூறு, ஐந்நூறு என்று வெவ்வேறு அளவுகளுக்கும் அவருக்கு விடை தேவைப்பட்டது. அதற்கான நிரல் இப்போது ஒழுங்காக ஓடுகிறது. நடுவில் அது தவறான விடையைச் சத்தமில்லாமல் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு கட்டமும் உண்டு. இந்தப் பதிவை எழுதத் தூண்டியது அந்தக் கட்டம்தான்.

முதலில் கருவியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மானிக்குள் சீசா போல ஒரு சிறு வாளி ஜோடி இருக்கிறது. 0.2 மி.மீ. மழைக்கான நீர் நிறைந்ததும் ஒரு வாளி சாய்ந்து கொட்டும். அடுத்தது நிறையத் தொடங்கும். ஒவ்வொரு சாய்வையும் ஒரு காந்தச் சுவிட்ச் எண்ணுகிறது. நிமிடத்துக்கு ஒரு வரி என்று கோப்பில் சேர்கிறது. ஓராண்டுக்கு 5,25,600 வரிகள். அவற்றில் பெரும்பாலானவை சுழியம்.

எழுத முதலில் கை போவது இரண்டு லூப்பை நோக்கித்தான். ஒவ்வொரு நிமிடத்தையும் தொடக்கமாக வைத்துக்கொண்டு, அதிலிருந்து முடிவை ஒவ்வொன்றாக நீட்டி, கூட்டுத்தொகை இலக்கைத் தொடும் இடங்களைக் குறித்துக்கொள்வது. ஒரு மாதப் பதிவை, அதாவது 43,200 வரிகளை, இப்படி ஓடவிட்டபோது என் பழைய மடிக்கணினி ஒன்றரை நிமிடம் எடுத்துக்கொண்டது. தொடக்கம், முடிவு என்ற ஜோடிகள் அதில் ஏறத்தாழ 93 கோடி. ஓராண்டு என்றால் வரிகள் பன்னிரண்டு மடங்கு. ஆனால் ஜோடிகள் பன்னிரண்டின் இருமடிக்குப் போய்விடும்; சரியாகச் சொன்னால் சுமார் 148 மடங்கு, 13,812 கோடி ஜோடிகள். மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடும். அதுவும் ஓர் அளவுக்கு மட்டும்.

நேராகச் சுட்டிகளுக்குத் தாவவில்லை. இரட்டை லூப்பைக் கொஞ்சம் சீவிப் பார்த்தேன். இலக்கைத் தொட்டவுடன் உள் லூப்பை நிறுத்திவிடலாம். இதுவரை கிடைத்த மிகக் குறைந்த நீளத்தைத் தாண்டினாலும் நிறுத்திவிடலாம். இந்த இரண்டு நிறுத்தங்களைச் சேர்த்ததும் 25 மி.மீ. கேள்விக்கு ஓரிரு விநாடிகளில் விடை வந்தது. இங்கேயே நிறுத்தியிருக்கலாம் என்று தோன்றும். சிக்கல் என்னவென்றால், இந்தச் சீவலின் வேகம் விடையைப் பொறுத்தது. விடை இருபது நிமிடம் என்றால் ஒவ்வொரு தொடக்கத்துக்கும் இருபது கூட்டல்தான். 500 மி.மீ. கேட்டால் விடையே நான்கு நாள், அதாவது 5,760 நிமிடம். அப்போது 300 கோடிக் கூட்டல்கள் ஆகி, ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். நண்பர் ஐந்து மி.மீ. இடைவெளியில் வரைபடம் போடக் கேட்டார். நூறு அளவுகளுக்கு இந்தக் காத்திருப்பு கட்டுப்படியாகாது.

உள் லூப் எதை வீணாக்குகிறது என்று பார்த்தால் வழி தெரிந்துவிடுகிறது. தொடக்கம் ஒரு நிமிடம் நகரும்போது, பழைய கூட்டுத்தொகையைத் தூக்கி எறிந்துவிட்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து கூட்டுகிறோம். மாறியது ஒரே ஓர் எண். அதைக் கழித்தால் போதும். இதுதான் நகரும் சாளரம்: வலச் சுட்டி ஒரு வரி முன்னேறினால் அந்த எண்ணைக் கூட்டு, தொகை இலக்கைத் தொட்டுவிட்டால், தொட்டிருக்கும் வரை இடச் சுட்டியை நகர்த்தி எண்களைக் கழி. கம்பளிப்பூச்சி நடப்பது போல: தலை நீளும், பிறகு வால் கூடி வரும், இரண்டும் பின்னால் போவதில்லை.

```python
def shortest(a, target):
    left = total = 0
    best, where = len(a) + 1, None
    for right in range(len(a)):
        total += a[right]
        while total >= target:
            if right - left + 1 < best:
                best = right - left + 1
                where = (left, right)
            total -= a[left]
            left += 1
    return where
```

காகிதத்தில் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது நல்லது. எட்டு நிமிடங்களின் சாய்வுகள் 2, 0, 3, 1, 5, 0, 4, 2 என்று வைத்துக்கொள்வோம். இலக்கு 9. வலச் சுட்டி ஐந்தாவது எண்ணான 5-ஐச் சேர்த்ததும் தொகை 11 ஆகிறது. நீளம் 5 என்று குறித்துக்கொள்கிறோம். முதலில் இருக்கும் 2-ஐக் கழித்தால் 9. இன்னும் இலக்கில்தான் இருக்கிறது, நீளம் 4. அடுத்த 0-வைக் கழித்தாலும் 9, நீளம் 3. அடுத்து 3-ஐக் கழித்தால் 6. இலக்குக்குக் கீழே வந்துவிட்டதால் இடச் சுட்டி நிற்கிறது. வலச் சுட்டி 0-வைச் சேர்த்தால் 6, 4-ஐச் சேர்த்தால் 10. மறுபடி நீளம் 4. 1-ஐக் கழித்தால் 9, நீளம் 3. முன்பு கிடைத்ததற்குச் சமம் என்பதால் பதிவு மாறவில்லை. 5-ஐக் கழித்தால் 4. கடைசி 2 சேர்ந்தும் 6-க்கு மேல் போகவில்லை. விடை மூன்று நிமிடம். வலச் சுட்டி எட்டு அடி, இடச் சுட்டி ஐந்து அடி, மொத்தம் 13. இரட்டை லூப்பில் ஜோடிகள் 36.

`for`-க்குள் `while` இருப்பதால் இதுவும் இரட்டை லூப்தானே என்று நண்பர் கேட்டார். பார்வைக்கு அப்படித்தான் இருக்கிறது. ஆனால் `left` ஒருபோதும் சுழியத்துக்குத் திரும்புவதில்லை. முழு ஓட்டத்திலும் அது அதிகபட்சம் வரிகளின் எண்ணிக்கை அளவே நகர முடியும். ஆக, ஓராண்டுக்கு மொத்தம் அதிகபட்சம் ஏறத்தாழப் பத்தரை லட்சம் அடிகளில் வேலை முடிகிறது, இலக்கு 25 ஆனாலும் 500 ஆனாலும். கணினி அரை விநாடிகூட எடுக்கவில்லை. `left = 0` என்ற வரி வெளி லூப்புக்குள் தப்பித் தவறிப் புகுந்துவிட்டால் இந்தக் கணக்கு முழுவதும் போய்விடும். யாருடைய நிரலையாவது சரிபார்க்கும்போது நான் முதலில் தேடுவது அதைத்தான்.

அடுத்தது சிறிய விஷயம், ஆனால் விடையை மாற்றியது. முதலில் அணியில் மில்லிமீட்டர்களாகவே வைத்திருந்தேன்: 0.2, 0.4 என்று. சோதனைக்கு 2 மி.மீ. கேட்டபோது, சரியாகப் பத்துச் சாய்வு இருந்த ஓர் இடத்தை நிரல் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போனது. பைத்தானில் 0.2-ஐ ஒவ்வொன்றாகப் பத்து முறை கூட்டினால் 2 வராது, 1.9999999999999998 வரும். தசமப் பின்னங்கள் இரும எண்ணில் முழுமையாக அடங்காததன் விளைவு. சாளரத்தில் இது இன்னும் மோசம், ஏனென்றால் ஒரே `total` ஆண்டு முழுவதும் கூட்டியும் கழித்தும் வருகிறது. சேரும் பிழை எங்கேயும் துடைக்கப்படுவதில்லை. இரட்டை லூப்பில் ஒவ்வொரு தொடக்கத்துக்கும் தொகை புதிதாகப் பிறப்பதால் பிழை அவ்வளவு தூரம் பயணிக்காது. அதனால் அணியில் சாய்வுகளின் எண்ணிக்கையையே வைத்தேன்; இலக்கையும் ஐந்தால் பெருக்கி 50 மி.மீ. என்பதை 250 சாய்வு ஆக்கினேன். முழு எண்கள் வந்ததும் அந்தத் தொல்லை ஒழிந்தது.

இந்த நிலையில் நண்பர் தன்னுடைய பதிவையும் அனுப்பினார். அவருடைய மானி வேறு மாதிரி. இருபது சென்டிமீட்டர் விட்டமுள்ள வாய், அதன் கீழே ஒரு வாளி, வாளியின் அடியில் எடை பார்க்கும் லோட் செல். அந்த வாய்க்கு ஒரு மில்லிமீட்டர் மழை என்பது 31.4 கிராம் நீர். நிமிடத்துக்கு நிமிடம் எடை எவ்வளவு கூடியது என்பதுதான் மழை. நாசூக்கான கருவி, 0.1 மி.மீ. வரை சொல்கிறது. அதே நிரலைக் கொடுத்தேன், கண்ணிமைக்கும் நேரத்தில் விடை வந்தது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. ஆனால் 50 மி.மீ. பெய்ய ஆனதாக நிரல் சொன்ன நேரத்தை அவர் நம்பவில்லை. "அன்றைக்கு இதைவிட வேகமாகப் பெய்தது, நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன்" என்றார்.

அவர் சொன்னது சரி. இரட்டை லூப்பை அந்த ஒரு நாள் பதிவில் ஓடவிட்டபோது இன்னும் குறுகிய விடை கிடைத்தது. கோப்பைத் திறந்து பார்த்தால் காரணம் கண்முன்னால் இருந்தது: கழித்தல் குறிகள். வாளியில் நீர் ஆவியானால் எடை குறைகிறது. காற்று தட்டினால் ஒரு நிமிடம் கூடி மறு நிமிடம் குறைகிறது. வெயிலில் லோட் செல்லே கொஞ்சம் நகர்கிறது. சாய்வாளி மானியில் எண்ணிக்கை ஒருபோதும் சுழியத்துக்குக் கீழே போகாது. எடை மானியில் போகும்.

அது ஏன் நிரலைக் குலைக்கிறது என்பதை நான்கு எண்களில் காட்டிவிடலாம். 6, −4, 5, 4, இலக்கு 9. வலச் சுட்டி போகப் போகத் தொகை 6, 2, 7, 11. இலக்கைத் தொட்டுவிட்டது, நீளம் 4. 6-ஐக் கழித்தால் 5. இலக்குக்குக் கீழே, அதனால் இடச் சுட்டி நின்றுவிடுகிறது. அணியும் முடிந்துவிட்டது, விடை 4 என்கிறது நிரல். உண்மையான விடையோ 2: கடைசி இரண்டு எண்கள் 5, 4 சேர்ந்து 9. இடச் சுட்டி இன்னோர் அடி வைத்திருந்தால் −4 கழிந்து தொகை 5-இலிருந்து 9-க்கு ஏறியிருக்கும்.

சாளரம் இரண்டு நம்பிக்கைகளின் மேல் நிற்கிறது என்பது இங்கேதான் புலப்பட்டது. ஒன்று: இலக்கைத் தொட்ட ஒரு தொடக்கத்தைக் கைவிடலாம், ஏனென்றால் இனி அதிலிருந்து கிடைப்பது எல்லாம் இன்னும் நீளமானதுதான். இது எந்த எண்களுக்கும் பொருந்தும். இரண்டு: தொகை இலக்குக்குக் கீழே போய்விட்டால், இதே முடிவுக்கு இன்னும் குறுகிய சாளரத்தைப் பார்க்கத் தேவையில்லை, ஏனென்றால் சுருங்கினால் தொகை மேலும் குறையத்தான் செய்யும். இது எதிர்மறை எண் இல்லாதவரைதான் உண்மை. `while` நிற்கும் இடம் முழுக்க முழுக்க இந்த இரண்டாவது நம்பிக்கையில்தான் தொங்குகிறது.

உடனே தோன்றும் ஒட்டு வேலை, எதிர்மறைகளைச் சுழியமாக்கிவிடுவது. செய்து பார்த்தேன்; செய்யாதீர்கள். மழையே இல்லாத காற்று நாளில் எடை ஒரு நிமிடம் +0.1, மறு நிமிடம் −0.1 என்று ஆடிக்கொண்டிருக்கிறது. கூட்டினால் சுழியம். கழித்தல்களை மட்டும் துடைத்துவிட்டால் கூட்டல்கள் எல்லாம் மிஞ்சி, ஒரு மணி நேரத்தில் 3 மி.மீ. மழை பெய்ததாகக் கணக்கு வருகிறது. ஒரு நாள் காற்றடித்தால் 72 மி.மீ.! துளி நீர் இல்லாமல் வெள்ள எச்சரிக்கை விடலாம்.

சரியான வழி, தொகையைச் சாளரத்துக்குள் வைக்காமல் தொடக்கத்திலிருந்து வரும் குவி தொகையாக வைப்பது. அணி 6, −4, 5, 4 என்றால் குவி தொகைகள் 0, 6, 2, 7, 11. எந்த இரண்டு குவி தொகைகளின் வித்தியாசமும் இடையில் பெய்த மழை. ஒவ்வொரு முடிவுக்கும், அதைவிட இலக்கு அளவாவது தாழ்ந்திருக்கும் மிகச் சமீபத்திய தொடக்கம் வேண்டும். எல்லாத் தொடக்கங்களையும் வைத்துத் தேடினால் மறுபடி இரட்டை லூப். ஆனால் பெரும்பாலான தொடக்கங்கள் உதவாதவை: பின்னால் வந்த ஒரு குவி தொகை முந்தையதைவிடத் தாழ்வாகவோ சமமாகவோ இருந்தால், முந்தையதை எறிந்துவிடலாம். தாழ்வாகவும் இருக்கிறது, அருகிலும் இருக்கிறது. முந்தையதற்கு இனி என்ன வேலை? இப்படி எறிந்தபின் மிஞ்சுபவை எப்போதும் ஏறுவரிசையில் நிற்கும். முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் எடுக்க வேண்டியிருப்பதால் இருமுனை வரிசை தேவைப்படுகிறது. பைத்தானில் அது `deque`.

```python
from collections import deque

def shortest_signed(a, target):
    p = [0]
    for x in a:
        p.append(p[-1] + x)
    best, where, q = len(a) + 1, None, deque()
    for j in range(len(p)):
        while q and p[j] - p[q[0]] >= target:
            i = q.popleft()
            if j - i < best:
                best, where = j - i, (i, j - 1)
        while q and p[q[-1]] >= p[j]:
            q.pop()
        q.append(j)
    return where
```

அதே நான்கு எண்களில்: 0-உம் 6-உம் வரிசையில் நிற்கின்றன. 2 வந்ததும் 6 பின்னாலிருந்து வெளியேறுகிறது. 7 சேர்கிறது. 11 வரும்போது முன்னாலிருக்கும் 0-உடன் வித்தியாசம் 11, நீளம் 4, அதை எடுத்தாயிற்று. அடுத்து 2-உடன் வித்தியாசம் 9, நீளம் 2. அதற்கடுத்த 7-உடன் 4-தான், நின்றுவிடுகிறது. விடை 2. ஒவ்வொரு நிமிடமும் வரிசைக்குள் ஒருமுறை நுழைகிறது, அதிகபட்சம் ஒருமுறை வெளியேறுகிறது. ஆகவே இதுவும் ஒரே நடைதான். முதல் நிரலைவிட நேரம் கொஞ்சம் கூடுதல், நினைவகமும் கூடுதல், ஏனென்றால் ஓராண்டுக் குவி தொகைகளை ஒரு தனிப் பட்டியலில் வைத்திருக்க வேண்டும். சாய்வாளிப் பதிவுக்கு நான் இன்னும் முதல் நிரலைத்தான் பயன்படுத்துகிறேன். அங்கே இந்தக் கூடுதல் செலவுக்குத் தேவையே இல்லை. நண்பரின் பதிவில் 0.1 மி.மீ.யை ஒன்றாக வைத்து முழு எண்களாக்கிக்கொண்டேன்.

சோதனையைப் பற்றி ஒரு வார்த்தை. மெதுவான இரட்டை லூப்பை அழிக்காமல் வைத்திருந்தது நல்லதாயிற்று. பத்துப் பன்னிரண்டு எண்கள் கொண்ட சிறு அணிகளை −5 முதல் 5 வரை தற்செயலாக உருவாக்கி, ஆயிரக்கணக்கில் இரண்டு நிரல்களிலும் ஓடவிட்டு, விடையின் நீளத்தை ஒப்பிடுகிறேன். இடத்தை ஒப்பிடக் கூடாது. ஒரே நீளத்தில் இரண்டு இடங்கள் இருந்தால் ஒவ்வொரு நிரலும் ஒவ்வொன்றைச் சொல்லலாம். ஆரம்பத்தில் சோதனை அணிகள் 0 முதல் 5 வரைதான் இருந்தன, அதனால் முதல் நிரல் எல்லாவற்றிலும் தேறியது. கழித்தல் எண்களை அனுமதித்தவுடன் ஒரு விநாடிக்குள் விழுந்தது. அணி சிறியதாக இருப்பது முக்கியம்: விழும்போது நான்கைந்து எண்களில் விழும், காகிதத்தில் பிடித்துவிடலாம். இலக்கு சுழியமாகவோ அதற்குக் கீழாகவோ வந்தால் முதல் நிரலின் இடச் சுட்டி வலச் சுட்டியையே தாண்டிப் போய்விடும் என்பதும் இந்தச் சோதனையில்தான் தெரிந்தது. இலக்கு ஒன்றுக்குக் குறைவானால் தொடக்கத்திலேயே மறுத்துவிடும்படி ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.

அடுத்த மழைக்காலத்துக்குச் சாய்வாளிப் பதிவையே மாற்றப்போகிறேன். நிமிடத்துக்கு ஒரு வரி எழுதுவதற்குப் பதிலாக, வாளி சாயும் ஒவ்வொரு முறையும் அந்த நேரத்தை மட்டும் எழுதினால் போதும். ஆண்டுக்கு 1,400 மி.மீ. மழை என்றால் 7,000 வரிகள்தான்; சுழியங்களே கிடையாது. மின்வெட்டில் சில நிமிடங்கள் விடுபட்டால் வரி எண்ணும் நிமிடமும் பொருந்தாமல் போகிற இப்போதைய குறையும் தீரும், ஏனென்றால் நீளத்தை வரி எண்ணிலிருந்து எடுக்காமல் நேரத்திலிருந்தே எடுக்கலாம். மின்சாரம் இல்லாதபோது சாய்ந்தவை மட்டும் எண்ணிக்கையில் வராது; அதற்கு மின்கலம்தான் வழி. கேள்வியும் எளிதாகிவிடுகிறது: 50 மி.மீ. என்பது 250 சாய்வு. `t[i+250] - t[i]` எங்கே மிகக் குறைவு என்று பார்த்தால் முடிந்தது. சாளரத்தின் அகலம் நிலையாகிவிட்டதால் இரண்டாவது சுட்டி தனியாக நகர வேண்டியதே இல்லை. இங்கே 249 என்று எழுதிவிடக் கூடாது. ஒரு சாய்வுக்கும் அடுத்த சாய்வுக்கும் இடையில்தான் ஒரு வாளி நிறைகிறது. 250 வாளிகளுக்கு 251 சாய்வு நேரங்கள் வேண்டும்.

இதிலும் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: நேரங்கள் ஏறுவரிசையில் இருக்க வேண்டும். பதிவுக் கருவியின் கடிகாரம் முன்னால் ஓடியிருந்து, பிணையத்தோடு இணைந்ததும் பின்னுக்குத் திருத்தப்பட்டால், ஒரு சாய்வு தனக்கு முந்தையதைவிட முன்னதாக நடந்ததாகப் பதிவாகும். வித்தியாசம் எதிர்மறையாக வந்து, அதுவே 'மிகக் குறைந்த நேரம்' என்று விடையில் போய் உட்கார்ந்துகொள்ளும். எனவே கோப்பைப் படித்தவுடன் இந்த வரியை ஓடவிட்டு, அது தேறினால் மட்டுமே மேலே போகும்படி எழுதப்போகிறேன்:

```python
assert all(x <= y for x, y in zip(t, t[1:]))
```

கடிகாரம் பின்னுக்குப் போன இடங்களில் கோப்பை இரண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகக் கணக்கிடுவது இப்போதைய திட்டம். வெறுமனே வரிசைப்படுத்திவிட்டால் `assert` தேறிவிடும், ஆனால் இரண்டு வெவ்வேறு நேரத்து மழை ஒன்றுக்குள் ஒன்று கலந்து, பெய்யாத ஒரு பெருமழை கிடைக்கும்.